பக்கம் 14-இல் என் தாத்தா பெயரை எடுத்துவிடுங்கள்

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். பொறுமை இல்லாதவர்கள் மாலையில் வந்து படியுங்கள். ஆனால் படிக்காமல் கமெண்ட் போடாதீர்கள்.

செவிலிமேட்டில் நம் நெசவாளர் வீடுகள் சேர்ந்து நடத்திய நீர்மோர் தர்மத்தைப் பற்றிச் சின்னவர்களுக்குத் தெரிந்திருக்காது. சித்ரா பௌர்ணமிக்கு வரதர் ஐயங்கார்குளம் நடவாவிக்கு எழுந்தருளும்போது, நம் ஊர் வழியாகப் போகிற கூட்டத்துக்கு மோரும் பானகமும் கொடுப்பது. அந்தத் தர்மத்துக்கு யார் யார் எவ்வளவு முதல் போட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே ஒரு சிறு புத்தகம் அச்சடித்திருக்கிறார்கள். பதினாறே பக்கம். அட்டையில் துந்துபி வருஷம் சித்திரை மாதம் என்று போட்டிருக்கிறது. கணக்குப்படி 1922. ஒரே ஒரு பிரதி, ஒரு வீட்டுப் பரணில் இருந்து கிடைத்தது. அதைத் தட்டச்சு செய்து மலராகப் போடலாம் என்று என் பழைய மாணவன் ஒருவன் கிளம்பினான். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை என்னிடம் தமிழ் படித்தவன். நல்ல பிள்ளை, இன்றைக்கும் நல்ல பிள்ளைதான். பெயர் சொல்லவில்லை. ஆனால் அவன் செய்து அனுப்பிய பிரதியைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அவன் செய்த வேலை இது. போனில் ஒரு ஆப் வைத்துப் பதினாறு பக்கத்தையும் ஸ்கேன் எடுத்தான். கூகுள் ஓசிஆரில் போட்டான். அது எழுத்தாக்கிக் கொடுத்ததை உட்கார்ந்து "சரி" செய்தான். புரியாத இடத்தையெல்லாம் அர்த்தம் வருகிற மாதிரி நிரப்பினான். எங்கே நிரப்பினான் என்று எங்கும் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. படித்தால் வழவழவென்று போகிறது. என் சண்டையே அந்த வழவழப்போடுதான்.

குழுவில் எல்லோரும் கைதட்டினீர்கள். என் தம்பி மகன் "பெரியப்பா, நம்ம கொள்ளுத்தாத்தா பெயர் முதல் இடத்துல வந்திருக்கு, நீங்க என்ன முகத்தைத் தூக்கி வெச்சிக்கிட்டிருக்கீங்க" என்று கேட்டான். ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். மாணவன் அனுப்பியதில் இப்படி இருக்கிறது: "தர்மத்துக்கென இருப்பில் உள்ள ரூபாயின் வட்டியைக்கொண்டு வருஷந்தோறும் நடத்தப்படும்." என்ன குறை இதில்? யாரும் நின்று பார்க்க மாட்டீர்கள். நானும் முதலில் நிற்கவில்லை. பிறகுதான் உறுத்தியது. கணக்குப் புத்தகம் போட்டவர்கள் "இருப்பில் உள்ள ரூபாய்" என்று மொட்டையாகவா எழுதுவார்கள்? எவ்வளவு ரூபாய் என்று சொல்ல மாட்டார்களா? அவனிடம் ஓசிஆர் கொடுத்த மூல வரியைக் கேட்டு வாங்கினேன். அதில் இருந்தது இது:

தர்மத்துக்கென இருப்பில் உளருய இன் வட்டியைக்கொண்டு

"உளருய" என்று ஒரு சொல் தமிழில் இல்லை. அவன் யோசித்திருக்கிறான். உள... ரு... ய... சரி, "உள்ள ரூபாய்" என்பதைத்தான் இயந்திரம் குழப்பிவிட்டது என்று முடிவு கட்டித் திருத்திவிட்டான். புத்திசாலித்தனமான யூகம். ஆனால் தப்பு.

தமிழ் எண்கள் உங்களில் பலருக்கு மறந்திருக்கும். வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன், அன்றைக்கு யார் கவனித்தீர்களோ. ஒன்று க போல, இரண்டு உ போல, மூன்று ங போல, நான்கு ச போல, ஐந்து ரு போல, ஏழு எ போல, எட்டு அ போல இருக்கும். பத்துக்கு ய மாதிரி ஒரு குறி, நூறுக்கு ள மாதிரி ஒரு குறி. இப்போது அந்த வரியின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அச்சில் இருப்பது ௨௱௫௰. இரண்டு நூறு, ஐந்து பத்து. அதாவது 250. இயந்திரம் ஒவ்வொரு குறியையும் அதைப் போலவே இருக்கிற எழுத்தாகப் படித்து "உளருய" என்று கொடுத்தது. இயந்திரம் தன் அளவில் நேர்மையாகத்தான் நடந்துகொண்டது. எதிரே கண்ட உருவத்தைச் சொன்னது. பொய் அதற்குப் பிறகு நடந்தது.

ஒரு தொகை அந்த வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விட்டது. காணாமல் போனதற்கு அடையாளமும் இல்லை. "உளருய" என்றே விட்டிருந்தால்கூடப் படிக்கிறவன் ஒருவனாவது "இது என்னய்யா?" என்று கேட்டிருப்பான். அசிங்கமாக இருக்கிற பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். அழகாகத் திருத்திய பிழையை யார் கண்டுபிடிப்பது?

இதே போல அட்டையில் "சித்திரை ௴" என்று இருந்தது. அந்தக் குறி மாதம் என்பதற்கான பழைய சுருக்கம், பார்ப்பதற்கு மீ போல இருக்கும். அது "சித்திரை மீது" ஆகியிருந்தது. சரி, அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். 250 விஷயத்தில் சிரிக்க முடியாது. காரணம் பக்கம் 14.

பக்கம் 14-இல் முதல் போட்டவர்கள் பட்டியல். பன்னிரண்டு பேர். புத்தகம் நூறு வருஷம் மடிந்தே கிடந்ததில், பட்டியலின் முதல் வரியில் மடிப்பு விழுந்து காகிதம் தேய்ந்துவிட்டது. அந்த வரியில் பெயரின் முன்பகுதியும் இல்லை, எதிரே இருந்த தொகையும் இல்லை. மிச்சம் இருப்பது "சாமி" என்கிற இரண்டு எழுத்து. மீதிப் பதினொரு பேர் தெளிவாக இருக்கிறார்கள். தொகைகளும் தெளிவாக இருக்கின்றன. ஒருவர் 50, ஒருவர் 30, மூன்று பேர் 25, இரண்டு பேர் 20, ஒருவர் 15, இரண்டு பேர் 10, ஒருவர் 5. கூட்டிப் பாருங்கள், 235. (நெடுக்கத்தில் எண் இருப்பதால் இங்கே அவன் தமிழ் எண் அட்டவணையை வைத்துச் சரியாகத்தான் மாற்றியிருந்தான். வாக்கியத்துக்கு நடுவே எண் வரும் என்று எதிர்பார்க்காததால்தான் மூன்றாம் பக்கத்தில் ஏமாந்தான்.)

அடியில் மொத்தம் போட்டிருக்கிறது. அங்கே பூச்சி அரித்து, முதல் எண்ணில் ஓட்டை. நூறு என்ற குறியும் ஐம்பதும் தெரிகின்றன. எத்தனை நூறு என்பது தெரியவில்லை, அந்த எண்ணின் அடிக்கோடு மட்டும் இருக்கிறது. உ போல இருக்கும் இரண்டுக்கும் அடியில் கோடு உண்டு, ங போல இருக்கும் மூன்றுக்கும் உண்டு. இவன் மூன்று என்று வைத்துக்கொண்டான். மொத்தம் 350. அதில் 235 போனால் 115. ஆகவே முதல் வரிக்காரர் கொடுத்தது 115 ரூபாய்! பெயர்? "சாமி" என்று முடிகிறது, செவிலிமேட்டுக்காரர், நெசவாளர். என் தாத்தா பெயரும் சாமியில்தான் முடியும். "சார் தாத்தாவேதான்" என்று போட்டுவிட்டான்.

ஐந்தும் பத்துமாக, மிஞ்சிப் போனால் ஐம்பதுமாகக் கொடுத்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் 115. தறியில் உட்கார்ந்து மாச்சேலைக் கூலிக்கு நெய்த மனிதர் அவர். அவர் வைத்துவிட்டுப் போன கடனை என் அப்பா அடைத்த கதை உறவுகளுக்குத் தெரியும். அவருக்கு 115 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? எல்லோரும் பட்டுச் சால்வை எங்கே வாங்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டீர்கள்.

இப்போது மூன்றாம் பக்கத்துக்குத் திரும்புங்கள். அந்த வாக்கியம் என்ன சொல்கிறது? தர்மத்துக்கென இருப்பில் 250. பட்டியலின் மொத்தமும் அதுதான். ஓட்டை விழுந்த எண் இரண்டு. அப்படியானால் முதல் வரிக்காரர் கொடுத்தது 15 ரூபாய். அரித்துப்போன ஒரு தொகையை மீட்க அந்தச் சிறு புத்தகத்திலேயே சாட்சி இருந்தது, வேறு பக்கத்தில். அந்தச் சாட்சியைத்தான் "உள்ள ரூபாய்" என்று திருத்தி அழித்திருக்கிறான். ஒரு யூகம் தனியாக நிற்பதில்லை என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். முதல் யூகம் 250-ஐ விழுங்கியது. அது இல்லாததால் இரண்டாவது யூகத்தில் மொத்தம் 350 ஆனது. அதிலிருந்து 115 பிறந்தது. 115-இலிருந்து "பெரிய கொடையாளி" பிறந்தார். நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுந்த பாவு இழையைப் பக்கத்து இழையோடு முடிந்துவிட்டு நெய்தால், அந்த இடத்தோடு நிற்குமா? முந்தானை வரைக்கும் கோடு ஓடும்.

சரி, 15 என்று நான் அடித்துச் சொல்லலாமா? அதுவும் கூடாது. அந்தக் காலத்து அச்சுக்காரர் கூட்டலில் தப்பு விட்டிருக்கலாம் அல்லவா? அதனால் அதே புத்தகத்தில் கூட்டல் இருக்கிற மற்ற மூன்று பக்கங்களையும் கூட்டிப் பார்த்தேன். இரண்டு சரி. ஒரு பக்கத்தில் செலவுக் கணக்கு 2 ரூபாய் இடிக்கிறது. ஆகவே நான் எழுதச் சொல்வது இப்படி: தொகை இருந்த இடத்தில் [15?] என்று போட்டு, கீழே "மூலத்தில் தேய்ந்துள்ளது. பக்கம் 3-இல் சொல்லும் இருப்புத் தொகையிலிருந்து மற்றப் பதினொரு தொகைகளைக் கழித்துப் பெற்றது" என்று ஒரு குறிப்பு. படிக்கிறவனுக்கு என் முடிவும் தெரியும், நான் அதற்கு வந்த வழியும் தெரியும். என் கணக்கு தப்பு என்றால் அவனே பிடித்துவிடுவான். கழித்துப் பார்த்துச் சொல்வதற்கும் குருட்டாம்போக்கில் சொல்வதற்கும் இதுதான் வித்தியாசம். இரண்டையும் ஒரே மாதிரி அச்சடித்தால் எது எது என்று பிறகு எழுதியவனுக்கே தெரியாது.

பெயருக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தையே கையில் வாங்கிப் பார்த்தேன். முதலில் தெரிந்தது, போன் ஆப் கறுப்பு வெள்ளையாக்கி "சுத்தம்" செய்ததில் சில மெல்லிய கோடுகளே போய்விட்டன என்பது. ஸ்கேன் எடுக்கும்போது கலரில் எடுங்கள், 300 டிபிஐக்குக் குறையாமல் எடுங்கள், பளிச்சென்று ஆக்குகிற பொத்தானைத் தொடாதீர்கள் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். காகிதத்தின் பழுப்பு நிறம் கண்ணுக்கு உறுத்தலாம். ஆனால் மங்கிய மையும் அந்தப் பழுப்போடு சேர்த்துத்தான் இருக்கிறது. ஆப் பழுப்பை எடுக்கும்போது மையையும் எடுத்துவிடும்.

ஸ்கேன் என்றால் போட்டோ, போட்டோ பொய் சொல்லாது என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல்லும் ஐயா. 2013-இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்கிற கணினி அறிஞர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். ஜெராக்ஸ் கம்பெனியின் சில இயந்திரங்களில் ஒரு வீட்டு வரைபடத்தைப் பிரதி எடுத்தபோது, மூன்று அறைகளின் பரப்பளவும் ஒரே எண்ணாக வந்தது. மூலத்தில் மூன்றும் வேறு வேறு. கோப்பைச் சிறிதாக்க, அந்த இயந்திரம் ஒன்றுபோலத் தெரிகிற துண்டுகளை ஒரே துண்டாக வைத்துக்கொண்டு, தேவையான இடத்திலெல்லாம் அதையே ஒட்டியது. 6 இருந்த இடத்தில் 8 வந்தது. மங்கலாகக்கூட இல்லை, அச்சுப் போலத் தெளிவாக வந்தது. அதனால்தான் மூலம் கிடைக்கிற வரையில் மூலத்தைப் பார்க்க வேண்டும்.

அதனால் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். மடிப்பில் பெயர் போன இடம், அதே பக்கத்து எழுத்துகளோடு ஒப்பிட்டால், மூன்று எழுத்து கொள்ளும். கீழ்ப்பக்கம் ஒரு வால் மட்டும் வரிக்கு அடியில் இறங்கித் தெரிகிறது. ந, த, கு, பு, து மாதிரி எழுத்துகள்தான் அப்படி வரிக்குக் கீழே இறங்கும். சி, ன், ன மூன்றுமே இறங்காது. ஆகவே சின்னசாமி போகலாம். கந்தசாமி போகாது. முத்துசாமி போகாது. குப்புசாமி போகாது. என் தாத்தா பெயர் அந்த மிச்சத்தில் ஒன்று, மறுக்கவில்லை. பொருந்துகிறது என்பதாலேயே அவர்தான் என்று ஆகிவிடுமா? அந்தத் தெருவில் அப்போது எத்தனை சாமி இருந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். இன்னொரு வீட்டுத் தாத்தாவின் 15 ரூபாயை எடுத்து, அதை 115 ஆக்கி, என் தாத்தா தலையில் கட்டுவதற்கு யார் உரிமை கொடுத்தார்கள்? அந்த வீட்டுப் பிள்ளைகளும் இந்தக் குழுவில்தான் இருக்கக்கூடும். ஆகவே அங்கே "[…]சாமி" என்று மட்டும் வர வேண்டும். குறிப்பில் மூன்றெழுத்து இடம் என்பதையும் வாலையும் சொல்லலாம். அதற்கு மேல் ஒரு எழுத்து கூடாது.

"சார், பக்கமெல்லாம் அடைப்புக்குறியும் கேள்விக்குறியுமாக இருந்தால் அசிங்கமாக இருக்கும். நமக்குப் படிக்கத் தெரியவில்லை என்று நினைப்பார்கள்" என்று மாணவன் சொன்னான். வருத்தம் இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை, ஏனென்றால் தேர்வில் எதையாவது எழுதி வை, காலியாக விடாதே என்று சொல்லிக் கொடுத்த பாவிகளில் நானும் ஒருவன்.

உ.வே. சாமிநாதையர் புறநானூறு பதிப்பித்தது 1894-இல். ஏட்டில் புள்ளி கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு வேறுபாடு கிடையாது. ஒவ்வொரு சொல்லும் யூகத்துக்கு அழைப்பு விடுக்கிற மாதிரிதான் இருக்கும். அவருக்குத் தமிழ் தெரியாதா? காணாமல் போன ஒரு ஆசிரியப்பா அடியை உட்கார்ந்த இடத்தில் கட்டி ஒட்டியிருந்தால் இன்றைக்கு ஒரு பேராசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் புறநானூற்றை எடுத்துப் பாருங்கள். 267, 268 இரண்டு பாட்டும் இல்லை. 266-க்குப் பிறகு 269. எண்ணைக்கூட நெருக்கிப் போட்டு மறைக்கவில்லை. பின்பகுதிப் பாடல்கள் பலவற்றில் சிதைந்த அடிக்குப் பதிலாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஏடுகளுக்குள் பாடம் வேறுபட்டால் அதையும் கீழே காட்டுவார். அந்தப் புள்ளிகளைப் பார்த்து ஐயருக்குப் படிக்கத் தெரியவில்லை என்று எவனாவது சொன்னானா?

இன்னொன்றும் உண்டு. பத்துப்பாட்டை அச்சுக்குத் தயார் செய்தபோது, கபிலர் வரிசையாகப் பூக்களை அடுக்குகிற குறிஞ்சிப்பாட்டில் சில பூக்களின் பெயர்கள் அவர் கையில் இருந்த ஏடுகளில் விடுபட்டிருந்தன. தமிழில் பூப் பெயருக்கா பஞ்சம்? நாலு பெயரை அசைக்கு அளந்து செருகியிருக்கலாம். அவர் தேடினார். கடைசியில் தருமபுரம் மடத்து ஏட்டில் கிடைத்தன. செருகியிருந்தால் தேடியிருக்கவே மாட்டார். கபிலர் சொன்ன பூக்கள் அந்த மடத்து ஏட்டிலேயே செல்லரித்துப் போயிருக்கும். நாம் ஐயர் சொன்ன பூக்களைக் கபிலர் பூ என்று பரீட்சையில் எழுதிக்கொண்டிருப்போம்.

கல்வெட்டுக்காரர்களும் இப்படித்தான். நம் கைலாசநாதர் கோயில் கல்வெட்டுகள் உள்ள தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் ஹுல்ட்ஷ் பதிப்பித்து வந்தது. அந்த வரிசைத் தொகுதிகளைப் புரட்டினால், சிதைந்து சந்தேகமாகத் தெரிகிற எழுத்து சதுர அடைப்புக்குள் இருக்கும், முற்றிலும் போன இடம் புள்ளியாக இருக்கும். கல்லின் முன்னால் நின்றவர்களே அப்படிச் செய்தார்கள். போன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிற நமக்கு என்ன அவசரம்?

இப்போதும் ஒழுங்காகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் விக்கிமூலத்தில் ஒரு பக்கம் ஸ்கேன் படம், பக்கத்திலேயே ஓசிஆர் எழுத்து, இரண்டையும் ஒப்பிட்டுத் தன்னார்வலர்கள் மெய்ப்புப் பார்க்கிறார்கள். பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் பார்த்தால் மஞ்சள். மறுபடி இன்னொருவர் பார்த்த பிறகுதான் பச்சை, அதே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. எனக்குப் பிடித்தது நீலம். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, எனக்குத் தீர்க்கத் தெரியவில்லை என்று சொல்லி விட்டுவிட்டுப் போகிற நிறம். தெரியவில்லை என்பதற்கு ஒரு நிறம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

"சார், ஓசிஆர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரியாகத்தானே கொடுக்கிறது" என்று இன்னொருவர். அப்படியே வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு ஆயிரம் எழுத்து என்றால் இருபது எழுத்து தப்பு. அந்த இருபது எங்கே விழும் என்பதைப் பாருங்கள். "வரதராஜப் பெருமாள்" என்பதில் ஒரு த போனால் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், வேறு எதுவும் அங்கே வராது. அதை வர[த]ராஜ என்று அடைப்புக்குள் நிரப்புவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்களின் பெயரிலும் ரூபாயிலும் தேதியிலும் நிலத்தின் அளவிலும் அக்கம்பக்கத்துச் சொல் உதவிக்கு வராது. 15 என்றாலும் வாக்கியம் நிற்கும், 115 என்றாலும் நிற்கும். எந்த எழுத்து போனால் சண்டை வருமோ அந்த எழுத்தில்தான் யூகம் செல்லாது. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் அச்சான புத்தகம் என்றால் தும்பிக்கை போட்ட பழைய லை, னை, பழைய றா, னா எல்லாம் வரும், அங்கேயும் இயந்திரம் தடுமாறும். ஆனால் அது சொல்லுக்குள் வருவதால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். எண்ணும் பெயரும் பிடிபடாது.

என் பாவக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் ஒரு பள்ளியில் ஸ்டென்சில் போட்ட வினாத்தாளில் ஒரு எண் மங்கி, 6-ஆ 8-ஆ என்று தெரியவில்லை. கணக்குத் தேர்வு, மேற்பார்வைக்குப் போனவன் நான். பிள்ளைகள் கேட்டார்கள். தலைமையாசிரியரிடம் போய்க் கேட்க எனக்குச் சோம்பல். "ஆறுதாம்மா, எழுதுங்க" என்று சொல்லிவிட்டேன். அது எட்டு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் தப்பாகப் போட்டார்கள், என் வாயை நம்பி. "எனக்குத் தெரியவில்லை, கேட்டு வருகிறேன்" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

அதனால் மலர் குழுவுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஓசிஆர் கொடுத்த மூல எழுத்தைத் திருத்தாமல் ஒரு கோப்பாகத் தனியாக வையுங்கள். திருத்துகிறபோது படம் பக்கத்தில் இருக்கட்டும். படத்தைப் பார்க்காமல் அர்த்தத்தை மட்டும் பார்த்து ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள். சந்தேக எழுத்து அடைப்புக்குள், போன எழுத்து புள்ளியாக. புத்தகத்திலேயே இருக்கிற தப்பை, அந்த 2 ரூபாய் கூட்டல் தப்பு உட்பட, அப்படியே விடுங்கள், வேண்டுமானால் கீழே குறிப்புப் போடுங்கள். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் பாருங்கள். பதினாறு பக்கம்தானே, ஒரு வாரத்து வேலை.

தம்பி மகனுக்குத் தனியாக ஒன்று. கொள்ளுத்தாத்தா பெயர் போனதே என்று உனக்கு வருத்தம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அவர் பெயரை அச்சில் பார்த்ததும் ஒரு நிமிஷம் எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அந்த ஒரு நிமிஷத்தில்தான் நான் மூன்றாம் பக்கத்தைச் சரியாகப் படிக்கவில்லை.

புத்தகம் அச்சடித்தபோது பன்னிரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதியாவது கொடுத்திருப்பார்கள். மஞ்சள் அட்டை, உள்ளங்கை அகலம், தைத்த நூல் சிவப்பு. செவிலிமேடு, பிள்ளையார்பாளையம், ஐயங்கார்குளம் பக்கம் உறவு உள்ளவர்கள் பரணிலும், பழைய டிரங்குப் பெட்டியிலும், பாவுக்கணக்கு நோட்டுகளுக்கு நடுவிலும் ஒரு தடவை பாருங்கள். கிடைத்தால் 14-ஆம் பக்கத்தை மட்டும் கலரில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அல்லது நீங்களே கொண்டு வாருங்கள், காபி போட்டுத் தருகிறேன். இந்த மாதக் கடைசிவரை காத்திருப்போம். அதற்குள் வரவில்லை என்றால் முதல் வரி "[…]சாமி, [15?]" என்றே அச்சுக்குப் போகும்.